விழுவதற்கு முன்னாலேயே போன தொலைபேசி அழைப்பு

எனக்கு நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேச வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அந்த ஐந்து வருஷத்திலும் கேள்விக்குப் பதில் தெரிந்தால்கூடக் கை தூக்கியதில்லை. அப்படிப்பட்ட நான் வயது போன காலத்தில் கண்டிக்குப் பக்கத்தில் ஒரு முன்பள்ளியில் ஆயாவாகச் சேர்ந்தேன். சின்னப் பிள்ளைகளோடு பேச எனக்குக் கூச்சமில்லை. அவர்கள் பதிலை எதிர்பார்ப்பதில்லை, திருத்துவதுமில்லை.

அங்கே பெரிய டீச்சர் ஒருவர். முன்பள்ளியை நடத்துகிறவர் அவர்தான். அவருக்கு உதவியாக ஒரு சின்ன டீச்சர். அந்தச் சின்ன டீச்சர் புசல்லாவையிலிருந்து வந்து டவுனில் அறை எடுத்துத் தங்கியிருந்தார்; வேலைக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. பிறகு பதினெட்டுப் பிள்ளைகள், ஒரு சறுக்கு, இரண்டு ஊஞ்சல், ஒரு மணல் குழி. இவை எல்லாவற்றுக்கும் மேலே சுவரில் ஒரு கடிகாரம்.

கடிகாரத்தின் கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். எங்கள் பிள்ளைகளை ஏற்ற வேன்கள் வரும். வேன்காரர்கள் வந்ததும் ஹோர்ன் அடிப்பார்கள். அந்த நேரத்தில் பதினெட்டுப் பிள்ளைகளுக்கும் சப்பாத்து மாட்டி முடிந்திருக்காது. ஒரு பிள்ளையின் சப்பாத்து எப்போதும் மணலுக்குள் கிடக்கும். அதனால் பெரிய டீச்சர் என்னிடம், "ஆயாம்மா, மணியை ஒரு அஞ்சு நிமிஷம் முன்னுக்கு வையுங்க" என்றார். வைத்தேன். மணி அடிக்கிறவளும் நான்தான்.

ஐந்து போதவில்லை. ஒருநாள் கதிரையில் ஏறித் தூசி துடைக்கும்போது இரண்டு நிமிஷம் கூட்டினேன். இன்னொரு நாள் இன்னும் இரண்டு. பிறகு ஒரு புது வேன்காரர் வந்தார். அவருக்குப் பொறுமை என்பதே கிடையாது. அவருக்காக ஒரேயடியாக ஐந்து. பெரிய டீச்சர் ஒருநாள், "இப்பல்லாம் வேன் வர முந்தியே புள்ளைங்க ரெடியா இருக்காங்க, நீங்க வந்ததுக்கப்புறம் தான் ஆயாம்மா" என்று மெச்சினார். மெச்சிய பிறகு எப்படிச் சொல்வது? பேசாமல் இருந்துவிட்டேன். பிள்ளைகள் முன்னால் கைபேசி எடுக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். எல்லாக் கைபேசியும் அலுமாரிக்குள். ஆகவே முன்பள்ளிக்குள் இருந்த ஒரே நேரம் என் நேரம்தான்.

அன்றைக்குப் பெரிய டீச்சர் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். விளையாட்டு மணி அடித்தேன். சின்ன டீச்சர் ஊஞ்சல் பக்கம் நின்றார், நான் சறுக்கின் பக்கம். என் பின்னால் 'தொப்' என்று ஒரு சத்தம். பிறகு ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு "உம்மா!" என்று ஒரு அலறல்.

சறுக்கின் ஏணியடியில் ஒரு சிறுமி மணலில் உட்கார்ந்திருந்தாள். இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே கை இருக்க வேண்டிய மாதிரி இல்லை.

நான் எண்ணெய் தடவி நீவலாம் என்று குனிந்தேன். சின்ன டீச்சர் ஓடி வந்து, "தொடாதீங்க ஆயாம்மா! அப்பிடியே இருக்கட்டும்" என்றார். சீனித் தண்ணியாவது கலக்கிக் கொடுக்கலாம் என்றேன். அதற்கும், "வேணாம், ஒன்னும் குடுக்கக் கூடாது, டாக்டர் மயக்க மருந்து குடுக்க வேண்டி வரலாம்" என்றார். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. என் பாதி வயதுகூட இல்லாத பெண், நான் செய்ய நினைத்த இரண்டையும் தடுத்துவிட்டாரே. பழைய பத்திரிகையைத் தடிப்பாக மடித்துக் கைக்கு அடியில் கொடுத்து, தன் துப்பட்டாவால் கழுத்தோடு தொட்டில் மாதிரிக் கட்டினார். தலையில் அடிபட்டதா என்று பார்த்தார். பெயர் கேட்டார், பிள்ளை சொன்னது. "வாந்தி வருதா செல்லம்?" "இல்ல. எனக்கு சறுக்கணும்" என்றது பிள்ளை.

"ஆயாம்மா, மணி என்னன்னு பாருங்க, எழுதி வைக்கணும்!"

கதவடிக்கு ஓடிப்போய்ப் பார்த்து, "பத்து நாலு!" என்று கத்தினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் எதுவும் சொன்னதில்லை. அதில் பதினாலு நிமிஷத்தைக் குறைத்துச் சொல்ல வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. சின்ன டீச்சர் அதைத் தன் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார்.

பிறகு அலுமாரியைத் திறந்து கைபேசியை எடுத்துத் தாய்க்கு அழைத்தார். தாய், "நான் நேரா பெரியாஸ்பத்திரிக்கே வாரன்" என்றாராம். மற்றப் பிள்ளைகளை விட்டுவிட்டு டீச்சர் வர முடியாது. அதனால் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனது நான். ஜன்னலால் எட்டி மணி பார்த்து, "பத்து பன்னெண்டு" என்று சின்ன டீச்சர் உள்ளங்கையில் இன்னொரு வரி எழுதியதைக் கண்டேன். ஆஸ்பத்திரியில் பிள்ளையின் பெயரையும் நேரத்தையும் பதிந்து ஒரு துண்டு கொடுத்தார்கள். தாய் வந்ததும் பிள்ளையையும் துண்டையும் கொடுத்தேன். படம் பிடித்துப் பார்த்து, எலும்பில் வெடிப்பு என்று பிளாஸ்டர் போட்டார்கள்.

நான் திரும்பி வந்தபோது சின்ன டீச்சர் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். உள்ளங்கையைப் பார்ப்பார், எழுதுவார். கைபேசியைத் திறந்து பார்ப்பார், எழுதுவார். ஆஸ்பத்திரித் துண்டில் என்ன நேரம் என்று தாயிடம் கைபேசியில் கேட்டு அதையும் எழுதினார். என்னைப் பார்த்து, "ஆயாம்மா, நீங்க சறுக்குக்குப் பக்கத்துல தானே நின்னீங்க? பாத்தீங்க தானே?" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். ஆட்டியது 'நின்றேன்' என்பதற்கு. அவர் அதைப் 'பார்த்தேன்' என்று எடுத்துக்கொண்டார். 'ஆயா பார்த்துக்கொண்டிருக்கையில் பிள்ளை கைப்பிடி நழுவி விழுந்தது' என்று எழுதினார். உண்மையில் நான் இன்னொரு பிள்ளைக்கு மூக்குத் துடைத்துக்கொண்டு சறுக்குக்கு முதுகு காட்டி நின்றேன். சொல்லத்தான் வாய் திறந்தேன். அதற்குள் வேன் ஹோர்ன் அடித்தது.

அறிக்கையின் ஒரு பிரதி அன்று மாலையே தாய்க்குப் போயிற்று.

மறுநாள் காலையில் தாய் வந்துவிட்டார். கலகெதரவில் அவர்களுக்குத் துணிக்கடை. பேச்சில் கெட்டிக்காரி. வாசலில் நின்றே கடதாசியை விரித்தார்.

"டீச்சர், என்ட புள்ள விழுந்தது பத்து நாலுக்கு எண்டு போட்டீக்கு. எனக்கு கோல் வந்தது ஒம்பது அம்பத்திமூணுக்கு. இந்தா, ஃபோன்ல ஈக்கு, பாருங்க. புள்ள விழ முந்தியே 'புள்ள விழுந்திட்டா' எண்டு கோல் எடுத்தீங்களா? குறி சொல்றீங்களா இங்க?"

பெரிய டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். தாய் நிறுத்தவில்லை.

"பத்து பன்னெண்டுக்கு ஆட்டோ வெளிக்கிட்டுதாம். ஆஸ்பத்திரித் துண்டுல பத்து பதினஞ்சு. மூணு நிமிசம்! கண்டி டவுன் ட்ராஃபிக்ல! ஆட்டோவா, ஹெலிகொப்டரா?"

"எங்க மணி ஒரு அஞ்சு நிமிஷம் கூட ஓடும்மா" என்றார் பெரிய டீச்சர்.

"அஞ்சைக் கழிங்க. ஒம்பது அம்பத்தொம்பது. அப்பவும் கோல் முந்தித்தானே? விளையாட்டு நேரம் பத்து மணிக்கெண்டு சுவத்துல ஒட்டி ஈக்கு. ஒம்பது அம்பத்திமூணுக்கு என்ட புள்ள வெளியில என்ன செஞ்சா? யாரு பாத்துக்கிட்டு நிண்டது? புள்ளைக விழும், அது எனக்குத் தெரியும். எங்க வீட்டுலயும் விழுந்தீக்கு. ஆனா கட்டுக்கதை எழுதின கடதாசி எனக்கு வேணாம்."

தாய் போனதும் பெரிய டீச்சர் சின்ன டீச்சரைச் சமையல் பக்கம் கூப்பிட்டார். நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். என்னை யாரும் கவனிக்கவில்லை; அது எனக்குப் பழக்கம்.

"உண்மையைச் சொல்லு. கோல் எடுத்தது பிந்தி, அதை மறைக்கிறதுக்கு நேரத்தை மாத்தினியா? இல்ல, பத்து மணிக்கு முந்தியே புள்ளைங்கள வெளிய விட்டுட்டு உள்ள இருந்தியா?"

"இல்ல டீச்சர். கோல் நேரம் ஃபோன்ல இருக்கு. மத்தது மணிய பாத்து எழுதினது."

"நாளைக்கு டிவிஷனல் ஒஃபிஸ்லருந்து ஒஃபிசர் வாராங்க, நானே அறிவிச்சிட்டேன். இந்தக் கணக்கு சரிவராட்டி உன்னை நான் வச்சிருக்க ஏலாது. பொய் அறிக்கை எழுதின டீச்சர்கிட்ட யாரும் புள்ள விட மாட்டாங்க."

சின்ன டீச்சர் கையை விரித்தார். சோப்பு போட்டும் உள்ளங்கையில் பேனா எழுத்து முழுதாகப் போயிருக்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று பிள்ளைகள் போன பிறகு, இரண்டு டீச்சரும் வாசலில் நிற்கும்போது, நான் கதிரையைச் சுவரடியில் போட்டு ஏறினேன். முள்ளைப் பதினாலு நிமிஷம் பின்னால் தள்ளிவிட்டால் என் திருட்டுத்தனம் யாருக்கும் தெரியாது. கடிகாரத்தைக் கழற்றிக் கையிலும் எடுத்துவிட்டேன். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இதைச் சரியாக்கிவிட்டால், இது பிழையாக ஓடியது என்பதற்கு அத்தாட்சி எங்கே? நாளை ஒஃபிசர் பார்த்தால் கடிகாரம் நல்ல பிள்ளையாக இருக்கும், சின்ன டீச்சர்தான் பொய்க்காரியாக இருப்பார்.

கடிகாரத்தை அப்படியே மாட்டிவிட்டு இறங்கினேன். ஏறியதைவிட இறங்குவது கஷ்டமாக இருந்தது.

அடுத்த நாள் இரண்டு மணிக்கு ஒஃபிசர் வந்தார். சிறுபிள்ளைகளின் பராமரிப்பைப் பார்க்கிற அதிகாரி. வடக்கிலிருந்து மாற்றலாகி வந்தவர். பேச்சில் யாழ்ப்பாணம் அப்படியே இருந்தது. தாயும் வந்திருந்தார். நால்வரும் பிள்ளைகளின் குட்டிக் கதிரைகளில், முழங்கால் நாடியைத் தொட, உட்கார்ந்திருந்தார்கள்.

ஒஃபிசர் அறிக்கையைச் சிவப்புப் பேனா இல்லாமலே திருத்திக்கொண்டு போனார். "'துரதிர்ஷ்டவசமாக' எண்டு ஏன் எழுதினீங்கள்? இது அறிக்கை, இரங்கல் செய்தி இல்லை. 'இன்ன பிள்ளை துடியாட்டம்' எண்டும் வேண்டாம். கூட விளையாடின மற்றப் பிள்ளையளின்ர பெயர் தாய்க்குக் குடுக்கிற பிரதியில வரக் கூடாது. ஆர் பிழை எண்டு எழுதுறது உங்கட வேலை இல்லை. எத்தனை மணிக்கு, எங்க, என்ன கண்டது, என்ன செய்தது, ஆருக்கு அறிவிச்சது. அவ்வளவும் போதும்."

"அந்த எத்தனை மணிதானே இங்க பிரச்சினை" என்றார் தாய்.

பெரிய டீச்சர் தணிந்த குரலில், "மிஸ், இதைக் கிழிச்சிட்டுப் புதுசா ஒன்னு சரியா எழுதித் தந்தா என்ன?" என்று கேட்டார்.

"கிழிக்கவே கூடாது. கிழிச்சால் அதுதான் பொய். டீச்சர், நீங்கள் சொல்லுங்கோ. இந்த நேரம் எல்லாம் எங்கயிருந்து எடுத்தனீங்கள்?"

"விழுந்த நேரம், கட்டுப் போட்ட நேரம், ஆட்டோ போன நேரம் இந்தச் சுவர் மணிய பாத்து. கோல் எடுத்தது ஃபோன பாத்து. ஆஸ்பத்திரி நேரம் துண்டுல இருந்தது."

"அஞ்சு நிமிசம் கழிச்சாலும் பொருந்தேல்லையே."

சின்ன டீச்சரின் கண் நிறைந்துவிட்டது. "எனக்குத் தெரியல்ல மிஸ். நான் பாத்ததைத்தான் எழுதினேன்."

நான் தேத்தண்ணித் தட்டோடு கதவடியில் நின்றேன். கோப்பைகள் தாமாகவே கலகலவென்று பேச ஆரம்பித்துவிட்டன. எல்லோரும் திரும்பினார்கள். நான் யாரையும் பார்க்காமல், தட்டைப் பார்த்துச் சொன்னேன்: "பதினாலு."

"என்ன ஆயாம்மா?"

"மணி பதினாலு நிமிஷம் கூட ஓடுது."

"அஞ்சு தானே வைக்கச் சொன்னேன்?"

"நீங்க அஞ்சு சொன்னீங்க. நான் கொஞ்சம் கொஞ்சமா சேத்துட்டேன். ரெண்டு. அப்புறம் ரெண்டு. அந்தக் கோபக்கார வேன்காரருக்காக அஞ்சு. அன்னைக்கு 'பத்து நாலு'ன்னு சத்தம் போட்டதும் நான்தான். டீச்சர் மேல குத்தம் இல்ல."

பெரிய டீச்சர் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். "அதுதானா சப்பாத்தெல்லாம் நேரத்தோட மாட்டினது!" என்றார். அந்த இடத்தில் அது ஒன்றுதான் அவருக்குத் தோன்றியிருக்கிறது.

ஒஃபிசர் எழுந்து கைபேசியைக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். தாயையும் கூப்பிட்டார், "நீங்களும் பாருங்கோ." கைபேசியில் இரண்டு பதினொன்று. சுவரில் இரண்டு இருபத்தைந்து. தாய் விரல் மடக்கி எண்ணினார். எண்ணி முடித்துத் தன் கடதாசியை எடுத்தார். பத்து நாலில் பதினாலு போனால் ஒன்பது ஐம்பது. கோல் ஒன்பது ஐம்பத்துமூன்று. ஆட்டோ ஒன்பது ஐம்பத்தெட்டு. ஆஸ்பத்திரி பத்து பதினைந்து.

"பதினேழு நிமிசம்" என்றார் தாய். "அது சரி. அவ்வளவு போகும்." விளையாட்டு மணியும் என் கணக்கில்தான் அடித்தது என்பது அவருக்கே விளங்கிவிட்டது. பிறகு என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு வேற வேலையே இல்லியா?" என்றார். கோபமாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் நழுவப் பார்த்தேன். ஒஃபிசர் விடவில்லை. "அம்மா, இருங்கோ. 'ஆயா பார்த்துக்கொண்டிருக்கையில்' எண்டு இருக்கு. விழேக்க நீங்கள் கண்ணால கண்டனீங்களோ?"

தாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பொய்யிலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்தேன். இன்னொன்றுக்குள் போக உடம்பில் தெம்பில்லை.

"இல்ல மிஸ். காணல்ல. சத்தம்தான் கேட்டுச்சு. நான் இன்னொரு புள்ளைக்கு மூக்குத் தொடச்சுக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்னேன். திரும்பிப் பாக்குறப்ப புள்ள ஏணியடியில மணல்ல இருந்துச்சு."

"கைப்பிடி நழுவினது?"

"அது எனக்குத் தெரியாது."

"டீச்சருக்கு?"

"நானும் காணல்ல மிஸ்" என்றார் சின்ன டீச்சர். "ஊஞ்சல் பக்கம் நின்னேன். அப்பிடித்தான் இருக்கும்னு நெனச்சு எழுதிட்டேன்."

"நினைச்சதை எழுத வேண்டாம்."

பழைய தாளை அப்படியே வைத்தார்கள். பிழையான ஒவ்வொரு நேரத்தின் மேலும், கீழே இருப்பது வாசிக்கத் தெரியும்படி ஒரே ஒரு கோடு; பக்கத்தில் சரியான நேரம், சின்னக் கையெழுத்து, திருத்திய திகதி. அதோடு இன்னொரு தாளை இணைத்தார்கள். எந்த நேரம் எதைப் பார்த்து எடுத்தது, சுவர்க்கடிகாரம் எவ்வளவு கூட ஓடியது, அதை யார் யார் முன்னால் ஒத்துப் பார்த்தது என்று அதில் இருந்தது. 'பிள்ளை விழுந்ததைப் பெரியவர்கள் எவரும் நேரில் காணவில்லை. ஆயா சத்தம் கேட்டுத் திரும்பினார்.' இதையும் சேர்த்தார்கள். கையைப் பத்திரிகை மடித்துத் தாங்கிக் கட்டியது, உண்ணவும் குடிக்கவும் ஒன்றும் கொடுக்காதது, தாயிடம் பிள்ளையை ஒப்படைத்தது எல்லாம் ஒவ்வொரு வரி. எண்ணெய் தடவப் பார்த்த கதையை எழுத வேண்டுமா என்று நானே கேட்டேன். "தடவினீங்களோ?" "இல்ல." "அப்ப வேண்டாம்" என்றார் ஒஃபிசர். சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

இனிச் செய்ய வேண்டியதையும் எழுதினார்: ஏணியடியில் மணல் கூட்டுவது, சறுக்கின் பக்கம் நிற்கிறவர் அந்த நேரம் வேறு வேலை பார்க்காமல் நிற்பது, கடிகாரம் கடிகாரமாக இருப்பது. கடைசியாகச் சொன்னதைப் பெரிய டீச்சர் என்னைப் பார்த்துக்கொண்டே வாசித்தார்.

நானும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. என் பெயர் நீளம். ஒவ்வொரு எழுத்தாக எழுதி முடிக்கும்வரை நாலு பேரும் காத்திருந்தார்கள்.

தாய் அந்த இரண்டு தாளையும் முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். 'எவரும் நேரில் காணவில்லை' என்ற இடத்தில் விரலை வைத்தார். சண்டை அங்கேதான் மறுபடி தொடங்கும் என்று நினைத்து நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆஸ்பத்திரியில டொக்டர் கேட்டார்," என்றார் தாய், "யாரு இந்தக் கட்டு போட்டது, நல்லா போட்டீக்கு எண்டு. எனக்கு அண்டைக்கு இருந்த கோபத்துல வந்து சொல்லல்ல." பிறகு பெரிய டீச்சரிடம், "முந்தின கடதாசியில எல்லாரும் எல்லாத்தையும் பாத்தீக்காங்க. இதுல யாருமே ஒண்டும் பாக்கல்ல. இதைத்தான் நான் நம்புறன்" என்றார். பெற்றுக்கொண்டேன் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் சின்ன டீச்சரைக் காட்டிக் கேட்டார்: "திங்கக்கிழமை புள்ளய அனுப்புவன். இவங்க ஈப்பாங்கதானே?"

பெரிய டீச்சர் அறிக்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இருப்பாங்க" என்றார்.

சின்ன டீச்சர் என் தட்டிலிருந்து ஒரு கோப்பையை எடுத்து, பச்சைத் தண்ணீராய் ஆறிப்போயிருந்த தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்து முடித்துவிட்டு, "இன்னொன்னு இருக்கா ஆயாம்மா?" என்றார்.